கைக்கு வந்தது 5,077, வரவேண்டியது எவ்வளவு?

கேள்வி: ஐயா, ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் முடித்துவிட்டு மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ஜூன் 1 முதல் அப்ரண்டிஸாக இருக்கிறேன். வீடு தங்கச்சிமடம். ஒப்பந்தத்தில் மாதம் 9,000 ரூபாய் ஸ்டைபண்ட். நவம்பருக்கு என் கணக்கில் ஏறியது 5,077 மட்டும். கேட்டால் "ஏழு நாள் கட்" என்கிறார்கள். 9, 12, 14, 23, 24, 27, 28 ஆகிய தேதிகளாம்.

8 சனி, 10 திங்கள் இரண்டு நாளும் சிஎல் எழுதிக் கொடுத்து வாங்கினேன். நடுவில் 9 ஞாயிறு. 12 புதன் மழைக்குக் கலெக்டரே லீவு விட்டார், அதனால் போகவில்லை. காலையில் சூப்பர்வைசருக்கு வாட்ஸப்பில் சொன்னேன். 14-ஆம் தேதி முழுநாளும் வேலையில் இருந்தேன், ஆனால் கைரேகை விழவில்லை. 17 திங்கள் முதல் காய்ச்சல், 25 செவ்வாய்தான் திரும்பப் போனேன், டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேன். 27, 28 புயல் எச்சரிக்கை, கம்பெனியே கேட்டைப் பூட்டிவிட்டது. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு அந்த இரண்டு நாளும் சம்பளம் உண்டு.

எங்கள் சர்க்குலரில் வருடம் சிஎல் 12, மெடிக்கல் 15, அதற்குமேல் போனால் ஸ்டைபண்ட் இல்லாத லீவு என்று இருக்கிறது. அக்டோபர் வரை சிஎல் 8, மெடிக்கல் 9 எடுத்திருந்தேன். நவம்பர் 5-ஆம் தேதியும் ஒரு சிஎல் எடுத்தேன், அதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது எல்லாம் முறையான லீவு, முழு 9,000 வரவேண்டும் என்று நினைக்கிறேன். அதிகம் பேசினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுவேன் என்கிறார் ஹெச்.ஆர். அடுத்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் ஸ்டைபண்டே கிடையாது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் தேதி தேதியாக எழுதியிருப்பதால் என் வேலை பாதி முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் "சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி போட்ட கணக்கு தவறு. நீங்கள் போட்ட கணக்கும் சரியில்லை. நவம்பருக்கு உங்களுக்குச் சேரவேண்டியது 9,000 அல்ல, என் கணக்கில் 8,400.

1,500 ரூபாய் வேறு பாதையில் வருகிறது

9,000-இல் 5,077 போக 3,923 ரூபாய் குறைகிறது. இது முழுக்க லீவுக்குப் பிடித்தது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் ஏழு நாளுக்கு அவ்வளவு வராது. கம்பெனி 9,000-ஐ 26-ஆல் வகுத்து நாளுக்கு 346 ரூபாய் 15 பைசா என்று வைத்து, ஏழு நாளுக்கு 2,423 பிடித்திருக்கிறது. மீதி 1,500 மத்திய அரசின் பங்கு. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பணம் கம்பெனி வழியாக வராது, ஆதாருடன் இணைத்த உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். கம்பெனி தன் பங்கைக் கொடுத்து, அந்த மாத விவரத்தை அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஏற்றிய பிறகுதான் அது நகரும். அதனால் கொஞ்சம் பிந்தும்.

ஆக, அந்த 1,500-ஐக் கம்பெனி அடித்துக்கொண்டது என்று ஹெச்.ஆரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஒரு இடத்தில் நீங்கள் தோற்றால், மற்ற இடத்தில் உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் எடுபடாது. முதலில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு, முந்தைய மாதங்களில் அந்தப் பணம் தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு பழைய கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் வந்த நாளைக் கம்பெனி குறைத்து ஏற்றியிருந்தால் அரசுப் பங்கும் குறைய வாய்ப்பு உண்டு. அதனால் வருகைப் பதிவைத் திருத்தச் சொல்லிக் கேட்கும்போது போர்ட்டலிலும் திருத்தச் சொல்லுங்கள்.

ஏழு தேதிகளையும் ஒவ்வொன்றாக

தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் 15-ஆம் பிரிவு இப்போது சொல்வது இதுதான்: நிறுவனத்தில் நடைமுறையில் இருக்கும் லீவும் விடுமுறையும் அப்ரண்டிஸுக்கும் உண்டு. உங்கள் சர்க்குலரில் இருக்கும் 12, 15 என்ற எண்கள் 1992-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வந்தவை. அதில் 12 நாள் சிஎல், 15 நாள் மெடிக்கல், இரண்டும் தீர்ந்தபிறகு 10 நாள் அசாதாரண விடுப்பு என மொத்தம் 37 நாள் வரும். சிஎல்லுக்கும் மெடிக்கலுக்கும் ஸ்டைபண்டைப் பிடிக்கக்கூடாது, அசாதாரண விடுப்புக்கு ஸ்டைபண்ட் கிடையாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. சர்க்குலர் அந்த எண்களை எடுத்துக்கொண்டது என்றால், அவற்றை எப்படி எண்ணுவது என்பதையும் அங்கிருந்தே எடுக்கவேண்டும். உங்கள் விஷயத்தில் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான்.

9-ஆம் தேதி ஞாயிறைப் பிடித்தது தவறு. சிஎல்லுக்கு நடுவில் விடுமுறை நாள் வந்தால் அதை 12 நாள் கணக்கில் சேர்க்கக்கூடாது. 8-உம் 10-உம் இரண்டே நாள். 5-ஆம் தேதியையும் சேர்த்தால் உங்கள் சிஎல் 11 ஆகிறது, மிச்சம் ஒன்று.

12-ஆம் தேதியில் தவறு உங்களுடையது. மழைக்குக் கலெக்டர் அறிவிக்கும் லீவு பொதுவாகப் பள்ளி கல்லூரிகளுக்குத்தான். அறிவிப்பை எடுத்துப் பாருங்கள், அதில் கம்பெனிகள் என்று இருக்காது. ராமேஸ்வரம் தீவில் இருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போகிற பையன்கள் பலர் வருடா வருடம் இதில் ஏமாறுகிறார்கள். ஆனாலும் வழி இருக்கிறது. அவசர நேரத்தில் முன் அனுமதி இல்லாமலும் சிஎல் எடுக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. காலையிலேயே சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸப் செய்தி உங்களிடம் இருக்கிறதே, அதை பிரிண்ட் எடுத்து வைத்து, அந்த நாளை மிச்சமிருக்கும் ஒரு சிஎல்லில் ஈடுகட்டச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. இதை உரிமையாகக் கேட்க முடியாது, பணிவாகத்தான் கேட்கவேண்டும்.

14-ஆம் தேதி எனக்குப் பழகிய கதை. ஐஸ் பிளாண்டில் உப்புத் தண்ணீரிலும் ஐஸ் பாரிலும் கை ஊறி, விரல் நுனி சுருங்கி வெளுத்திருக்கும்போது மெஷினில் வைத்தால் மூன்று தடவை சிவப்பு லைட் எரியும், நாலாவது தடவை பின்னால் நிற்பவன் "நகருப்பா" என்பான். கைரேகை மெஷின் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஒரே சாட்சி அல்ல. கம்ப்ரஸர் ரூமில் மணிக்கு ஒரு முறை சக்ஷன் பிரஷர், டிஸ்சார்ஜ் பிரஷர், பிரைன் டேங்க் வெப்பநிலை எழுதும் லாக் ஷீட் இருக்கும். 14-ஆம் தேதி ஷீட்டில் உங்கள் கையெழுத்து ஒரு வரியிலாவது இருந்தால் அது போதும். அதை போட்டோ எடுத்து வையுங்கள், ஷீட்டை மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள். அன்று உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அதுவும் சேரும்.

17 முதல் 24 வரை கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். நீங்கள் ஆறு நாள், ஏழு நாள் என்று நினைத்திருக்கலாம். மெடிக்கல் லீவுக்கு விதி வேறு. நடுவில் வரும் விடுமுறையும் மெடிக்கல் லீவாகவே எண்ணப்படும். சிஎல்லில் ஞாயிறு கழியும், மெடிக்கலில் ஞாயிறு சேரும். ஆகவே 23-ஆம் தேதி ஞாயிறும் உள்ளே வந்து மொத்தம் எட்டு நாள். உங்களிடம் இருந்தது 15-இல் 9 போக ஆறு நாள். 17 முதல் 22 வரை அந்த ஆறும் தீர்ந்துவிட்டது. ஆறு நாளைத் தாண்டும் மெடிக்கல் லீவுக்கு சர்டிபிகேட் கட்டாயம், அதைக் கொடுத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் சர்டிபிகேட் உங்கள் நோயை நிரூபிக்குமே தவிர இல்லாத லீவை உண்டாக்காது. 23, 24 இரண்டு நாளும் ஸ்டைபண்ட் இல்லாத விடுப்பில்தான் விழும்.

"அந்த ஒரு சிஎல்லை 24-க்குப் போடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. சிஎல்லையும் மெடிக்கலையும் ஒட்டி எடுக்கக்கூடாது. முன்னாலோ பின்னாலோ ஒட்டினால் மொத்தத்தையும் ஒரே வகையாகத்தான் கருதுவார்கள். அந்தக் கடைசி சிஎல்லுக்கு 12-ஆம் தேதிதான் சரியான இடம், தனியாக நிற்கிற நாள் அது.

27, 28 பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டைப் பூட்டியது கம்பெனி. நீங்கள் வராமல் இருக்கவும் இல்லை, லீவு கேட்கவும் இல்லை. அதோடு நிரந்தரத் தொழிலாளிகளுக்கு அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தில் விடுமுறை என்றால் அது அப்ரண்டிஸுக்கும் விடுமுறைதான் என்கிற 15-ஆம் பிரிவு இங்கே நேராகப் பொருந்துகிறது. அந்த இரண்டு நாளுக்கான அறிவிப்பை யாராவது குரூப்பில் போட்டிருந்தால் எடுத்து வையுங்கள்.

26-ஆல் வகுத்துவிட்டு ஞாயிறையும் பிடித்தால்?

மேலே ஐந்து நாள் திரும்ப வருகிறது, இரண்டு நாள் நிற்கிறது. அந்த இரண்டு நாளுக்கு எவ்வளவு? தொழிலாளர் சம்பளக் கணக்கில் 26-ஆல் வகுப்பது பழைய பழக்கம். கிராஜுவிட்டி கணக்கில்கூட 15-இன் கீழ் 26 என்று வரும். வாரம் ஒரு ஞாயிறு போனால் மாதத்தில் வேலை நாள் சுமார் 26 என்பதுதான் அதன் அடிப்படை. தொழிலாளர் சம்பளம் போடும் மென்பொருளில் அப்படியே அப்ரண்டிஸ் பெயரையும் ஏற்றிவிடுகிறார்கள்.

26-ஆல் வகுப்பதில் குற்றம் இல்லை. அப்படி வகுத்தால் ஞாயிறுக்கு ஸ்டைபண்டைப் பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஏனென்றால் ஞாயிறை வகுக்கும்போதே கழித்துவிட்டார்கள். உங்கள் கம்பெனி 26-ஆல் வகுத்து 9, 23 இரண்டு ஞாயிறையும் பிடித்திருக்கிறது. இது தவறு என்று ஹெச்.ஆருக்குப் புரிய வைக்க ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு பையன் நவம்பர் முழுக்க ஒருநாள்கூட வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் முறைப்படி 30 நாளை 346.15-ஆல் பெருக்கினால் 10,384 ரூபாய் பிடிக்கவேண்டும். ஸ்டைபண்டே 9,000 தான்! பையன் கம்பெனிக்கு 1,384 கடன் வைத்ததாக ஆகிவிடும்.

உங்கள் சர்க்குலரில் மெடிக்கல் லீவுக்கு ஞாயிறும் எண்ணப்படுவதால் 30-ஆல் வகுப்பதுதான் பொருந்தும். நாளுக்கு 300. இரண்டு நாளுக்கு 600. மிச்சம் 8,400. 26 வழியை ஒழுங்காகப் போட்டால் 23 ஞாயிறு விட்டுப்போய் 24 மட்டும் பிடித்து 8,654 வரும், உங்களுக்கு 254 ரூபாய் கூடுதல். அதையே கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் 23-ஐ லீவாக எண்ணிவிட்டு ஸ்டைபண்டுக்கு மட்டும் எண்ணாதே என்று சொல்வது கொஞ்சம் நெருடலான வாதம். நானாக இருந்தால் 8,400-இல் நின்றுகொள்வேன். 12-ஆம் தேதிக்கு சிஎல் தர மறுத்தால் இன்னொரு 300 குறைந்து 8,100 ஆகும். அதற்குக் கீழே போகக் காரணமே இல்லை.

8,400-இல் வந்தது 5,077. இன்னும் வரவேண்டியது 3,323. அரசுப் பங்கு முழுதாக 1,500 வந்துவிட்டால், கம்பெனி தரவேண்டியது 1,823 ரூபாய். உங்கள் கோரிக்கையில் இந்த எண்ணைத்தான் எழுதவேண்டும்.

எப்படிக் கேட்பது, மிரட்டலை என்ன செய்வது

நேரில் போய் நின்று பேசவேண்டாம். ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். தேதி, காரணம், ஆதாரம், எத்தனை நாள் என்று வரிசையாக. கடைசியில் 30 x 300 கணக்கும் 1,823 என்ற தொகையும். "ஏழு நாளும் தவறு" என்று எழுதாமல், 23, 24 பிடித்தது சரியே என்று நீங்களே எழுதிவிடுங்கள். படிப்பவருக்கு மற்ற ஐந்து நாளையும் நம்பத் தோன்றும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் இருக்கிறது, அங்கே போங்கள். அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் எழும் தகராறைத் தொழிற்பழகுநர் ஆலோசகர்தான் முடிவு செய்யவேண்டும் என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மனுவை அவருக்கு அனுப்பும் வழியை அந்த அலுவலகத்தில் சொல்வார்கள். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவேன் என்று ஹெச்.ஆர். சொல்வதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். பதிவான ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க வேண்டுமென்றால் கம்பெனியும் அந்த ஆலோசகரிடமே விண்ணப்பிக்கவேண்டும், ஒரு ஹெச்.ஆர். தன் மேஜையில் இருந்து செய்ய முடியாது. ஆனால் கோபத்தில் நீங்களாக நின்றுவிடாதீர்கள். முறிவு உங்கள் பக்கத்தால் வந்தது என்று ஆனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்ல இடம் இருக்கிறது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. லீவு வருடம் உங்கள் ஒப்பந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது என்றால், அடுத்த மே 31 வரை உங்களிடம் சிஎல்லும் இல்லை, மெடிக்கலும் இல்லை. இனி ஒருநாள் காய்ச்சல் வந்தாலும் 300 ரூபாய் போகும். அதுவும் அசாதாரண விடுப்பை முதலாளி ஒத்துக்கொண்டால்தான், இல்லாவிட்டால் அனுமதியில்லாத வராமை. ஐந்து மாதத்தில் 17 நாள் எடுத்துவிட்டு மழைக்காலத்துக்குள் நுழைந்தது கொஞ்சம் கவனக்குறைவுதான், தம்பி. அடுத்த வருடம் மிச்சமாகும் மெடிக்கல் லீவு 40 நாள் வரை சேர்த்து வைக்கலாம், சிஎல் வருட முடிவோடு காலாவதி.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, மீன் வராது, அதனால் ஸ்டைபண்ட் கிடையாது என்பது வெறும் பேச்சாக இருக்கும்வரை விடுங்கள். எழுத்தில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். அப்ரண்டிஸுக்கு உற்பத்தி அளவைப் பார்த்துக் காசு கொடுக்கக்கூடாது என்று 13-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. டன் கணக்கில் ஐஸ் ஓடினால்தான் ஸ்டைபண்ட் என்பது அதே தவறின் இன்னொரு வடிவம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை, ஐஸ் கொஞ்சமாவது போய்க்கொண்டுதான் இருக்கும். அதோடு கண்டென்சரில் படிந்த உப்பைச் சுரண்டுவதும், கம்ப்ரஸரைப் பிரித்து வால்வு பிளேட்டும் ரிங்கும் மாற்றுவதும், பிரைன் டேங்கைக் காலிசெய்து துரு பார்ப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். ஏசி மெக்கானிக் பையன் கற்றுக்கொள்ளவேண்டிய வேலையே அதுதான். அந்த நாட்களில் காலையில் கேட்டில் போய் வருகையைப் பதியுங்கள், திருப்பி அனுப்பினால் யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு என்று அன்றே குறித்து வையுங்கள்.